சார், அந்தப் பேச்சுக்கு நன்றி

நாகர்கோவிலில் கவுன்சலிங் டிப்ளமோ முடித்த எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்த அன்று எங்கள் இயக்குநர் பேசியதற்காகத்தான் இந்தப் பதிவு. பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் போடவில்லை.

அவர் பேசியது தன்னுடைய தவறு ஒன்றைப் பற்றி. 2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போன கணவர் திரும்பாத ஒரு அக்கா (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொன்னார்) அவரிடம் வந்திருக்கிறார். உடல் கிடைக்கவில்லை. இழப்பை ஏற்றுக்கொள்ள வைத்துவிட வேண்டும் என்று சார் அவசரப்பட, அந்த அக்கா எல்லாவற்றுக்கும் "சரி சார், சரி சார்" என்று தலையாட்டியிருக்கிறார், மூன்றாவது அமர்வுக்குப் பிறகு வரவே இல்லை. அந்தச் 'சரி'யை முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாராம். அது விலகலின் அடையாளம் என்பது மேற்பார்வையாளர் அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

சில மாதம் கழித்து அந்த அக்கா வந்தபோது சார் முதலில் மன்னிப்புக் கேட்டார், எதைக் கவனிக்காமல் விட்டேன் என்றும் கேட்டார். "அவரு இல்லைன்னு நான் சொல்லிட்டா, நானே அவரைக் கைவிட்ட மாதிரி ஆயிரும் சார்" என்றாராம். அப்புறம் இறந்தாரா இல்லையா என்ற பேச்சையே எடுக்காமல், காத்திருப்பதையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றி மட்டும் பேசியிருக்கிறார்கள்.

சார், போன வாரம் என்னிடம் ஒரு தம்பி மூன்று முறை "சரிண்ணா" என்றான். நான் நிறுத்திவிட்டு, எது சரியில்லை என்று கேட்டேன்.