இளஞ்சிவப்பு உப்புப் பொட்டலம்: வீட்டில் பேக்கன் போடுகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் எங்களுக்குப் போன் செய்தார். ஒரு கிலோ பன்றி இறைச்சியில், இறைச்சியைப் பதப்படுத்தும் எங்கள் க்யூரிங் உப்பை 25 கிராம் தடவி பிரிட்ஜில் வைத்துவிட்டாராம். நிறம் மிகவும் அழுத்தமாக இருக்கிறது, சரிதானா என்று கேட்டார். இறைச்சியை அப்படியே குப்பையில் போடச் சொன்னோம். அவருக்கு வருத்தம்தான், எங்களுக்கும்தான். ஆனால் அவர் கவனக்குறைவாக எதுவும் செய்யவில்லை. அவர் பார்த்தது ஓர் ஐரோப்பியச் செய்முறை. அதில் எழுதியிருந்தபடிதான் அளந்திருக்கிறார்.

அங்கே வீடுகளில் பயன்படும் க்யூரிங் உப்பில் சோடியம் நைட்ரைட் அரை சதவீத அளவில்தான் இருக்கும். சாதா உப்புக்குப் பதிலாக அதையே முழுக்கப் போடுவார்கள். நாங்கள் விற்பது அமெரிக்க முறை உப்பு, முதல் எண் வகை. இதில் நைட்ரைட் 6.25 சதவீதம், மீதி சாதா உப்பு. பத்து மடங்குக்கு மேல் வலு. பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு. அதனால் இந்த மாதம் முதல் எங்கள் பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே "6.25%" என்று பெரிதாக அச்சிடுகிறோம். வேறு இடத்தில் வாங்கினாலும் இந்த எண்ணைப் பார்க்காமல் எந்தச் செய்முறையையும் தொடங்காதீர்கள்.

இதன் இளஞ்சிவப்பு நிறமும் வேண்டுமென்றே சேர்ப்பதுதான். சாதா உப்போடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகச் சாயம் போடுகிறார்கள். நம் ஊரில் அதுவே இன்னொரு சிக்கலாகிவிட்டது, ஏனென்றால் இளஞ்சிவப்பு என்றாலே நமக்கு இந்துப்பு ஞாபகம் வருகிறது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. க்யூரிங் உப்பை டப்பாவில் கொட்டி அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். பொட்டலத்தோடு, பூட்டுகிற அலமாரியில் இருக்கட்டும். தவறுதலாகச் சமையலில் விழுந்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரைட் குறைத்துவிடும். குழந்தைகளுக்கு இது இன்னும் ஆபத்து. உதடும் நகமும் நீலம் பூத்தால், தலைவலியோ மூச்சிரைப்போ வந்தால், பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. என்ன சாப்பிட்டார் என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஏன் விற்கிறோம் என்று கேட்கலாம். பொட்டுலினம் என்ற நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாதான் காரணம். அதன் வித்துகள் மண்ணிலும் நீரிலும் எங்கும் இருப்பவை. காற்றுப் படாத, ஈரமான, இளஞ்சூடான இடம் கிடைத்தால் அவை முளைக்கும். தடித்த இறைச்சித் துண்டின் உட்புறம் அப்படிப்பட்ட இடம்தான். மணிக்கணக்கில் மெதுவாகப் புகை போடும்போது அந்த இளஞ்சூட்டையும் நாமே கொடுக்கிறோம். அதைத் தடுப்பது நைட்ரைட். நிறமும் பேக்கனுக்கே உரிய அந்த ருசியும் அதனால்தான் வருகின்றன.

சரி, கணக்குக்கு வருவோம். பன்றியின் வயிற்றுப் பகுதித் துண்டு ஒன்று 1.4 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். க்யூரிங் உப்பு இறைச்சி எடையில் 0.25 சதவீதம், அதாவது 3.5 கிராம். மொத்த உப்பு 2.5 சதவீதம், 35 கிராம். க்யூரிங் உப்பும் பெரும்பாலும் உப்புதான் என்பதால் மீதி 31.5 கிராம் சாதா உப்பு போட்டால் போதும். சர்க்கரை 14 கிராம், மிளகு உங்கள் விருப்பம். இப்படிச் செய்தால் கிலோவுக்கு 156 மில்லிகிராம் நைட்ரைட் சேரும். அமெரிக்கச் செய்முறைகளில் வழக்கமாகப் பின்பற்றுகிற அளவு இது.

ரத்த அழுத்தம் இருக்கிறது, உப்பைக் குறைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சாதா உப்பை மொத்தம் 2 சதவீதம் வரும்வரை குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். க்யூரிங் உப்பின் 0.25 சதவீதத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது, கூட்டவும் கூடாது. அளக்க ஸ்பூன் உதவாது. ஒரு தேக்கரண்டியே கிட்டத்தட்ட 6 கிராம் வரும். ஒரு கிராம் வீதம் காட்டும் சமையல் தராசும் போதாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கலந்து, எல்லாப் பக்கமும் தடவி, பையில் போட்டு, 4 டிகிரிக்கு மேல் போகாத பிரிட்ஜில் வையுங்கள். நான்கு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஏழெட்டு நாள் ஆகும். தினமும் ஒருமுறை திருப்பிவிடுங்கள். பையில் ஊறும் தண்ணீரைக் கொட்டாதீர்கள், அளந்த உப்பு அதில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு முன்னாடியே எடுத்தால் வெட்டும்போது தெரியும்: ஓரம் சிவப்பாகவும் நடு சாம்பல் நிறமாகவும் இருக்கும். அந்த நடுப்பகுதிக்கு உப்பு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் கழுவித் துடைத்து, ஓர் இரவு பிரிட்ஜிலேயே திறந்து வைத்து உலர்த்தி, புகை போடலாம். கொய்யா, மா விறகு நல்லது. பிளைவுட், பெயிண்ட் அடித்த பலகை வேண்டவே வேண்டாம். அடுப்பு மொட்டைமாடியில் இருக்கட்டும், கதவடைத்த அறையில் கரி எரிக்காதீர்கள். புகைப்பெட்டிக்குள் 100 டிகிரி அளவில் வைத்து, துண்டின் நடுவில் 65 டிகிரி வரும்வரை விடுங்கள். இதற்குக் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டும். நைட்ரைட் போட்ட இறைச்சி வெந்த பிறகும் சிவப்பாகவே இருக்கும் என்பதால் நிறத்தை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. வேகவைக்காமல் 30 டிகிரிக்குக் கீழே புகை மட்டும் பிடிக்கும் குளிர்புகை முறை நம் ஊர் வெயிலில் வீட்டில் சரிவராது. சலாமி போல மாதக்கணக்கில் உலர்த்துவதற்கான இரண்டாம் எண் உப்பை நாங்கள் விற்காததற்கும் இதுதான் காரணம்.

மீனுக்கு இந்தப் பொட்டலம் வேண்டாம். உப்பில் ஊறவைத்து, சூட்டோடு புகை போட்டு, நடுவில் 63 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து, இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டுவிடுங்கள். வாக்குவம் பேக்கிங் இயந்திரம் நாங்களே விற்கிறோம், ஆனாலும் சொல்கிறோம்: புகைமீனை வாக்குவம் போட்டு பிரிட்ஜில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள். மீனில் வரும் பொட்டுலினம் பாக்டீரியா வகை 4 டிகிரியிலும் மெதுவாக வளரும், வாடை மாறாது. அமெரிக்காவில் 1963-ல் காற்று நீக்கி அடைத்த புகைமீனால் உயிர்கள் போயின. இன்னொன்று, சூரையும் கானாங்கெளுத்தியும் வாங்கும்போதே ஐஸில் இருந்தாக வேண்டும். வெயிலில் கிடந்த மீனில் ஊறும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உப்புக்கும் போகாது, புகைக்கும் போகாது.

உப்புக்கண்டத்துக்குப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. மெல்லிய துண்டு, நிறைய உப்பு, மஞ்சள், கடும் வெயில் என்று அது வேறு வழியில் காக்கப்படுகிறது, உள்ளே ஈரமே மிஞ்சுவதில்லை. நம் பேக்கனில் ஈரம் இருக்கிறது. அதனால் பிரிட்ஜில் ஒரு வாரம்தான், அதற்கு மேல் என்றால் பிரீசர். பொரிக்கும்போது கருக விடாதீர்கள், அந்தச் சூட்டில்தான் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமின்கள் அதிகம் உண்டாகின்றன. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. தினசரிச் சாப்பாடாக இதை வைக்காதீர்கள்.

பழைய பொட்டலம் வைத்திருப்பவர்கள் கடைக்குக் கொண்டுவந்தால் புதிய லேபிள் உள்ளதாக மாற்றித் தருகிறோம். லேபிள் கிழிந்து, எது எந்த உப்பு என்று சந்தேகம் வந்தால் ருசி பார்க்காதீர்கள். அப்படியே எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து