கல் வேறு, கிரியேட்டினின் அளவு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரியேட்டின் பொடி சாப்பிட்டால் சிறுநீரகத்தில் கல் உண்டாகும் என்றும், ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதே அதற்குச் சாட்சி என்றும் சென்ற இதழின் உடற்பயிற்சிக் கட்டுரை சொல்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆனவை. யூரிக் அமிலக் கற்களும் உண்டு. கிரியேட்டின் இவற்றில் எதுவாகவும் மாறுவதில்லை. அதன் கழிவான கிரியேட்டினின் நீரில் நன்றாகக் கரைவதால் படிந்து கல்லாவதும் இல்லை. பொடி சாப்பிடுபவருக்குக் கல் வந்தால், வியர்வைக்கு ஈடாகத் தண்ணீர் குடித்தாரா, கூடவே தினமும் 1 கிராமுக்கு மேல் வைட்டமின் சி மாத்திரை போட்டாரா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அந்த வைட்டமினில் ஒரு பங்கு ஆக்ஸலேட்டாகவே வெளியேறுகிறது. கல் இருக்கிறதா என்பதைக் காட்டுவது ஸ்கேன். ஒரு சிறுநீரகத்தில் கல் இருந்தாலும் மற்றது ஈடுகட்டுவதால், கிரியேட்டினின் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

அப்படியானால் அளவு ஏன் ஏறுகிறது? தசையிலுள்ள கிரியேட்டினில் ஏறக்குறைய 2 சதவீதம் நாள்தோறும் தானாகவே கிரியேட்டினினாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. சேமிப்பு கூடினால் கழிவும் கூடும். வடிகட்டியான சிறுநீரகம் அப்படியே இருக்க, வரத்துதான் அதிகரித்திருக்கிறது. ஆனால் ஆய்வகம் வடிகட்டும் திறனை நேரடியாக அளப்பதில்லை. கிரியேட்டினின், வயது, பாலினம் மூன்றையும் வைத்துக் கணக்கிடுகிறது. 30 வயது ஆணுக்கு அளவு டெசிலிட்டருக்கு 1.0 மி.கி. என்றால், இன்று வழக்கிலுள்ள 2021 சூத்திரப்படி திறன் நிமிடத்துக்குச் சுமார் 104 மி.லி. பொடி, கடும் பயிற்சி, முந்தைய இரவின் இறைச்சி எல்லாம் சேர்ந்து அளவு 1.3 ஆனால், அதே சூத்திரம் 76 என்கிறது. சிறுநீரகம் கால்வாசிக்கு மேல் போய்விட்டதுபோல் தோன்றும். தாளைப் பார்த்தவர் பதறுவதில் வியப்பில்லை.

இதைப் பிரித்தறிய வழி உண்டு. பொடியை நான்கு வாரம் நிறுத்துங்கள். பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் கடும் பயிற்சி வேண்டாம். முந்தைய நாள் இறைச்சியும் வேண்டாம். பிறகு கிரியேட்டினினோடு, ரத்தத்தில் சிஸ்டாட்டின் சி, சிறுநீரில் ஆல்புமின் என்ற இரண்டு புரதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சிஸ்டாட்டின் சி தசையின் அளவைப் பெரிதாகச் சார்ந்ததில்லை, இந்தப் பொடியிலிருந்து வருவதும் இல்லை (தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதைச் சற்று மாற்றலாம்). அதன்படி திறன் இயல்பாக இருந்து, ஆல்புமினும் கசியாவிட்டால், முன்பு ஏறிய எண் பொடியின் வேலைதான்.

பொடியை நிறுத்திய பின்னும் அளவு இறங்காவிட்டாலோ, சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மி.கி.யைத் தாண்டி மூன்று மாதம் நீடித்தாலோ, பழியைப் பொடிமேல் போட்டுவிட்டு இருக்கக்கூடாது. அது சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டியது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களும் ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களும் அவரைக் கேட்காமல் தினசரி 3 முதல் 5 கிராம் என்ற வழக்கமான அளவைக்கூடத் தொட வேண்டாம். மற்றவர்கள் பரிசோதனைச் சீட்டில் ‘கிரியேட்டின் எடுக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் போதும்; முடிவைப் படிப்பவர் அதற்கேற்பப் படிப்பார்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வகத் துறை வாசகர் ஒருவர்