வேகம் குறைவது வேறு, பின்னால் போவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, பொருளாதார வளர்ச்சி குறைந்த செய்திக்கு ‘மந்தநிலை’ என்று தலைப்பு போட்டிருந்தீர்கள், அது சரியில்லை. 2019-20இல் நாட்டின் வளர்ச்சி ஏறக்குறைய 4 சதவீதமாக இறங்கியபோதும் உற்பத்தி கூடத்தான் செய்தது, வேகம்தான் குறைந்தது. 2020 ஏப்ரல்-ஜூனில் முந்தைய ஆண்டைவிட உற்பத்தியே சுமார் 24 சதவீதம் சுருங்கி, அடுத்த காலாண்டிலும் சுருங்கியது. அதுதான் மந்தநிலை.

திருப்பூரில் பவர்டேபிள் தையல் யூனிட் வைத்திருக்கும் எனக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்: 2019இல் ஓவர்டைம் மட்டும்தான் நின்றது, அடுத்த ஆண்டு மெஷினே நின்று ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆனால் ‘தொடர்ந்து இரண்டு காலாண்டு சரிந்தால் மந்தநிலை’ என்பதும் குறுக்குவழிதான். அமெரிக்காவில் 2022 முதல் பாதியில் உற்பத்தி குறைந்ததாக முதல் கணக்குகள் சொல்லியும், வேலைவாய்ப்பு கூடிக்கொண்டே இருந்ததால், அங்கே இதைத் தீர்மானிக்கும் பொருளாதார அறிஞர் குழு மந்தநிலை என்று அறிவிக்கவில்லை; வருமானம், வேலை, விற்பனை, தொழில் உற்பத்தி எல்லாம் பரவலாக, சில மாதங்களுக்கு மேல் சரிகிறதா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். இனி இப்படிச் செய்தி போடும்போது வளர்ச்சி குறைந்ததா, உற்பத்தியே குறைந்ததா என்று தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

— ஒரு வாசகர், திருப்பூர்