பயிற்சியாளரின் பட்டியலைப் படிப்பது எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

மகனை ஓட்டப் பயிற்சியில் சேர்க்க நினைக்கும் வாசகர் ஒருவர், "எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் ஒரு பக்க விவரம் வாட்ஸ்அப்பில் வருகிறது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, எதை நம்புவது?" என்று சென்ற இதழில் கேட்டிருந்தார். பெங்களூரில் தடகளப் பயிற்சி கொடுக்கும் நானும் அப்படி ஒரு பக்கம் அனுப்புகிறவன்தான். அந்தப் பக்கத்தில் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று எங்கள் தரப்பிலிருந்தே சொல்கிறேன்.

சான்றிதழில் இருந்து தொடங்கலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். "என்.ஐ.எஸ். பயிற்சியாளர்" என்று பலர் போட்டுக்கொள்கிறோம். பட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தைத்தான் அது குறிக்கிறது. ஆனால் அங்கே ஓராண்டு டிப்ளமோவும் உண்டு, ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. நம் ஊர் ஞானபாரதியில் உள்ள சாய் எனும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்திலும் டிப்ளமோ படிக்கலாம். டிப்ளமோ முடித்தவரும் ஆறு வாரப் படிப்பை முடித்தவரும் ஒரே மூன்றெழுத்தைத்தான் போடுகிறார்கள். எனவே சான்றிதழையே வாங்கி, டிப்ளமோவா, எந்த விளையாட்டில் என்று இரண்டை மட்டும் பாருங்கள். கபடியில் டிப்ளமோ வாங்கியவர் ஓட்டம் கற்றுக்கொடுப்பதும் நடக்கிறது. பி.பி.எட். என்பது பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கான பட்டம். நல்ல படிப்புதான், ஆனால் எல்லா விளையாட்டையும் கொஞ்சம் கொஞ்சம் தொடும். உலகத் தடகள அமைப்பின் முதல் நிலைச் சான்றிதழில் ஐ.ஏ.ஏ.எஃப். என்று இருந்தால் போலியோ என்று பயப்பட வேண்டாம். அமைப்பு 2019-இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

அடுத்து "என்னிடம் பயிற்சி பெற்றவர்கள்" என்ற பகுதி. ஒரே பெண்ணின் பெயர் மூன்று பேரின் பட்டியலில் இருக்கும், மூன்றுமே பொய்யாக இருக்காது. பள்ளி பி.டி. சார் கண்டுபிடித்திருப்பார், கிளப் பயிற்சியாளர் வளர்த்திருப்பார், அப்புறம் அரசு விளையாட்டு விடுதிக்குப் போயிருப்பாள். கோடை முகாமில் சில நாள் வந்து போனவளையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வந்தபோது ஓட்ட நேரம் என்ன, போனபோது என்ன என்று கேளுங்கள். பதில் தயாராக இருந்தால் அவர் நோட்டு எழுதுகிறவர் என்று அர்த்தம்.

உண்மையான சிக்கல் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. போன வருஷம் ஒரு அப்பா என்னிடம் சண்டைக்கே வந்தார். அவர் மகன் என்னிடம் சேரும்போது பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டரை 12.4 நொடியில் ஓடியதாகச் சான்றிதழ் வைத்திருந்தான். ஒரு வருஷம் கழித்து கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த போட்டியில் அவன் எலக்ட்ரானிக் நேரம் 12.31. "என்ன சார், ஒரு வருஷம் ஃபீஸ் கட்டி ஒரு பாயின்ட் கூட முழுசாக் குறையலையே?" என்றார். கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் அந்த 12.4 எப்படி எடுக்கப்பட்டது? பள்ளி மைதானத்தில் விசில் ஊதி ஓடவிட்டார்கள். ஸ்டாப்வாட்ச் பிடித்த ஆசிரியர்கள் 100 மீட்டர் தள்ளி, முடிவுக் கோட்டில் நின்றார்கள். ஒலி 100 மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். விசில் சத்தம் காதில் விழுந்து அவர்கள் பொத்தானை அமுக்குவதற்குள் பையன் கிளம்பியிருப்பான். துப்பாக்கி என்றால் புகையைப் பார்த்து அமுக்க வேண்டும், மரக்கட்டை கிளாப்பர் என்றால் இரண்டு கட்டையும் சேர்வதைப் பார்த்து அமுக்க வேண்டும் என்பதுதான் முறை. விசிலில் பார்க்க என்ன இருக்கிறது? சத்தம் வந்தால்தான் உண்டு.

புகையைப் பார்த்தே அமுக்கினாலும் விரலுக்குக் கொஞ்சம் தாமதம் உண்டு. முடிவுக் கோட்டிலோ ஓடிவருகிறவனைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் சரியாக அமுக்கிவிடுவோம். அதனால் கையால் எடுத்த நேரம் எப்போதும் கருணை காட்டும். எலக்ட்ரானிக் நேரத்தோடு ஒப்பிட, 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் 0.24 நொடி கூட்டிக்கொள்வது வழக்கம், 400 மீட்டருக்கு 0.14. இப்போது கணக்குப் போடுங்கள். 12.4-உடன் 0.24, அதோடு விசில் தந்த 0.3. பையன் என்னிடம் வந்தபோது ஏறக்குறைய 12.9 ஓடுகிறவன். ஒரு வருஷத்தில் அரை நொடிக்கு மேல் குறைந்திருக்கிறது. அப்பாவுக்கு இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பாதிதான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் விளம்பரம் ஆகிவிடும். வரும்போது எலக்ட்ரானிக் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மைதானத்தில் விசில் ஊதி ஸ்டாப்வாட்ச்சில் எடுத்தால், பையன் எதுவும் முன்னேறாமலேயே அரை நொடி குறைந்துவிடும். எங்கள் தொழிலில் பட்டியல் அழகாவது பெரும்பாலும் இப்படித்தான்.

வெளியாள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கையால் எடுத்த நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு வரைதான் எழுத வேண்டும், அதுவும் மேலே ஏற்றி. வாட்ச் 12.41 காட்டினால் 12.5 என்றுதான் எழுத வேண்டும். ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா இல்லாத மைதானத்து நேரம் 12.41 என்று இரண்டு இலக்கத்தில் போட்டிருந்தால், எழுதியவருக்கு விதி தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42, வெண்கலம் வாங்கியவர் 55.41. மேலே ஏற்றி எழுதினால் இருவருக்கும் 55.5 தான். அந்த இரண்டாவது இலக்கத்தை நிர்ணயிக்க கேமரா வேண்டும். முறையான போட்டியின் முடிவுத் தாளில் 100, 200 மீட்டருக்குக் காற்றின் வேகமும் இருக்கும். பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் வராது.

குண்டு எறிதலில் இதே வேலையை எடை செய்யும். 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 5 கிலோ, 20-க்குட்பட்டவர்களுக்கு 6, பெரியவர்களுக்கு 7.26. எடை எழுதாத தூரத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

அந்த அரை நொடி முழுவதும் என் சாமர்த்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். பதினான்கு வயதுப் பையன் சும்மா வளர்ந்தாலே வேகமாகிறான். பயிற்சிக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்க, அதே வயதுப் பிரிவில் அவன் இடத்தைப் பார்க்க வேண்டும். போன வருஷம் மாவட்டப் போட்டியின் ஹீட்ஸிலேயே வெளியேறியவன் இந்த வருஷம் அதே பையன்களோடு ஓடி இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறான் என்றால், மற்றவர்களும்தான் வளர்ந்தார்கள், இவன் அதற்கு மேல் ஏதோ செய்திருக்கிறான். நேரத்தைவிட இந்த ஒப்பீட்டையே நான் நம்புகிறேன்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. பதக்கத்தோடு பிள்ளைகளையும் அருகில் பயிற்சியாளரையும் நிற்கவைத்து நீங்கள் வெளியிடும் படங்களின் கீழ், போட்டியின் பெயர், வயதுப் பிரிவு, கேமரா நேரமா கைநேரமா என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்க முடியுமா? நாங்கள் அனுப்பும் குறிப்பில் அது இல்லையென்றால், போன் போட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தடகளப் பயிற்சியாளர்,
அல்சூர், பெங்களூரு.