யாலவுக்குப் போகலாம் என்று கைதூக்கிய 31 பேருக்கும்

அன்பான பேட்ச் மக்களே,

செப்டம்பர் கடைசி வாரம், யால, 31 பேர் என்று முடிவெடுத்துவிட்டு ஏற்பாட்டை என் தலையில் கட்டிவிட்டீர்கள். சரி, ஊரில் இருக்கிறவன் நான்தான், ரொறன்ரோவில் இருந்துகொண்டு திஸ்ஸமகாராமவில் ஜீப் பிடிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தேதிக்குச் சொன்ன காரணம் இருக்கிறதே, "அப்போதுதான் ஹோட்டல் பாதி விலை, மச்சான்". ஏன் பாதி விலை என்று ஒருவராவது கேட்டீர்களா? அப்போது பூங்கா பூட்டியிருக்கும், அதுதான்.

வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்தில் இருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை யாலவின் முதலாம் பிரிவை மூடிவிடுவார்கள். யால மொத்தம் ஐந்து பிரிவு. அதில் நீங்கள் படங்களில் பார்க்கிற பாறையும் சிறுத்தையும் கடற்கரையும் பெரும்பாலும் இந்த முதலாம் பிரிவில்தான், அது வெறும் 141 சதுர கிலோமீற்றர். கோடை உச்சத்தில் குளங்கள் சேறாகிப் பிறகு வெடித்துக் காய்ந்துவிடும், மிஞ்சின நாலைந்து நீர்நிலையை நம்பித்தான் அத்தனை மிருகமும் நிற்கும். அந்த நேரத்தில் தண்ணீர்க் கரையோரம் ஜீப்புகள் வரிசையாக நின்றால் மான் தண்ணீர் குடிக்க வராது. ஆகவே மூடுகிறார்கள், பாதைகளையும் அப்போதுதான் திருத்துகிறார்கள். ஜீப்காரர் "பரவாயில்லை, வேறு பகுதிக்குக் கூட்டிப்போகிறேன்" என்பார். அதுவும் காடுதான், ஆனால் நீங்கள் வாக்குப் போட்டது அந்தக் காட்டுக்கு அல்ல.

அப்போ எப்போது போவது? நவம்பரில் இருந்து ஜனவரி வரை நம் பக்கத்து மாரி. எங்கே பார்த்தாலும் தண்ணீர், எங்கே பார்த்தாலும் பச்சை, மிருகங்களுக்குக் குளத்தடிக்கு வரவேண்டிய தேவையே இல்லை, பற்றைக்குள் மூன்று மீற்றர் தள்ளி யானை நின்றாலும் தெரியாது. பெப்ரவரிக்குப் பிறகு காடு மெல்லக் காயத் தொடங்கும். என்னைக் கேட்டால் ஜூன், அல்லது ஜூலை தொடக்கம். காரணம் சிறுத்தை அல்ல, பாலைப்பழம். வன்னிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை, நாலு பழம் தின்றாலே உதடு ஒட்டிக்கொள்ளும் அந்த மஞ்சள் பழம். அது பழுக்கும் நாட்களில் கரடி பட்டப்பகலில் பாலை மரத்தில் ஏறி இருந்து தின்னும். மற்ற மாதங்களில் கரடியைப் பார்ப்பது லொத்தர் விழுகிற மாதிரி. நான் யாலவுக்கு ஆறு தரம் போயிருக்கிறேன், கரடி பார்த்தது இரண்டு தரம், இரண்டும் ஜூன் மாதம்.

ஒரு சிக்கல் உண்டு. கதிர்காமத்துக் கொடியேற்றம் ஒவ்வொரு வருடமும் நிலவைப் பார்த்து மாறும், அந்த இரண்டு வாரத்தில் திஸ்ஸவில் ஒரு அறை கிடைக்காது. எனவே முதலில் திருவிழாத் தேதியைப் பார்ப்போம், அப்புறம் போயா, அப்புறம் சனி ஞாயிறு, இவை மூன்றும் இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ பிடிப்போம். இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் ஓய்வு பெறப்போகிற வயது, வார நாளில் லீவு போட முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நுழைவுச்சீட்டு விஷயம். பூங்காவுக்குள் போவதற்கான கட்டணம் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு, ஜீப் வாடகை ஜீப்காரருக்கு, இரண்டும் வேறு வேறு. விலை கேட்கும்போது "டிக்கெட்டோடு சேர்த்தா, சேர்க்காமலா" என்று கேட்காவிட்டால் வாசலில் வைத்து முகம் கறுக்கும். இலங்கையருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. தலைக்கு இவ்வளவு என்பதோடு முடியாது, சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்று மேலே ஏறும். கனடாக் கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டு "நானும் மட்டக்களப்பான்தான்" என்று கவுண்டரில் வாதாடிப் பயனில்லை, போனமுறை ஒருத்தன் வாதாடினான், பின்னால் நின்ற பதினைந்து ஜீப்பும் ஹோர்ன் அடித்தன. இலங்கை அடையாள அட்டை இருப்பவர்கள் அசல் அட்டையோடு வாருங்கள், போனில் எடுத்த படத்தை நம்பாதீர்கள். இணையத்தில் முன்கூட்டியே வாங்கலாம், நான் வாங்கிவிடுகிறேன், ஆனால் அதற்குப் பெயரும் இலக்கமும் எனக்கு முன்பே வேண்டும்.

31 பேருக்கு ஆறு ஜீப். ஒரு ஜீப்பில் ஆறு பேர் ஏறலாம், ஐந்து பேர் என்றால் எல்லோருக்கும் கரைப்பக்கம் கிடைக்கும், ஒரு ஜீப்பில் மட்டும் ஆறு. இந்த ஆறும் ஒன்றின் பின் ஒன்றாகப் போனால் நாமே ஒரு நெரிசல். கடைசி ஜீப்பில் இருப்பவர்கள் காலை முழுக்கப் பார்ப்பது முன்னால் போகிறவன் கிளப்பிய தூசியைத்தான். எனவே மூன்று ஜீப் பலட்டுபான வாசலால், மூன்று ஜீப் கதிர்காமப் பக்கத்துக் கட்டகமுவ வாசலால். உள்ளே சந்தித்தால் சந்திப்போம். குழுப்படம் ஹோட்டலில் எடுக்கலாம்.

வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். திஸ்ஸவில் இருந்து பலட்டுபானவுக்கு முக்கால் மணி நேரம், வரிசையில் முன்னுக்கு நிற்கவேண்டும் என்றால் நாலரைக்கு ஜீப்பில் ஏறியிருக்க வேண்டும். ஏன் இந்த வதை என்று கேட்கிறீர்கள். இரவில் சிறுத்தை நம் ஜீப் பாதையிலேயே நடக்கும், பற்றைக்குள் முள்ளில் நடப்பதைவிட அதற்கும் அது சுகம். இலங்கையில் புலியும் சிங்கமும் இல்லை, காட்டில் அதற்கு மேலே யாரும் கிடையாது, ஒளிந்து நடக்கவேண்டிய அவசியம் குறைவு. விடியும்போது அந்த அடித்தடம் மணலில் புதிதாக இருக்கும். முதல் பத்து ஜீப் போவதற்குள் நல்ல சாரதி அதைப் பார்த்து எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார், முப்பது ஜீப் உருண்ட பிறகு அங்கே டயர்த் தடம்தான். ஒன்பது மணி ஆனால் வெயில் ஏறி, சிறுத்தை நிழலுக்குள் போய்ப் படுத்துவிடும்.

தடம் கிடைத்தால் பின்னால் துரத்துவது அல்ல வேலை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது. புள்ளிமான் திடீரென்று கூர்மையாக ஒருதரம் கத்தும், கூட்டம் முழுக்க மேய்ச்சலை விட்டு ஒரே திசையைப் பார்த்து நிற்கும், ஒன்றிரண்டு முன்காலை நிலத்தில் தட்டும். மரத்தில் மந்தியும் சேர்ந்து இருமுகிற மாதிரிக் கத்தினால் கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடமோ அரை மணி நேரமோ அப்படியே இருக்கவேண்டும். நம் ஆட்களால் அரை மணி நேரம் பேசாமல் இருக்க முடியுமா என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே பயம்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஏழரை மணி இருக்கும், நாங்கள் ஒரு சின்னக் குளத்தடியில் நின்றோம், மான் கத்தியது, சாரதி எஞ்சினை நிறுத்தினார். பற்றை விளிம்பில் ஒரு பெண் சிறுத்தை வந்து நின்றது. பாதையைக் கடந்து தண்ணீருக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தேவை. அதற்குள் யாரோ ஒரு சாரதி போனில் சொல்லிவிட்டார். ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஜீப், பூங்காவுக்குள் வேகம் 25 கிலோமீற்றர்தான், வந்தவை அறுபதில் வந்தன. எண்ணினேன், 23 ஜீப், ஒன்றோடு ஒன்று ஒட்டி. சிறுத்தை இரண்டு தரம் முன்னால் வந்தது, இரண்டு தரமும் அதற்குக் கடக்க இடைவெளி இல்லை. திரும்பிப் பற்றைக்குள் போய்விட்டது, தண்ணீர் குடிக்கவில்லை. பின்னால் நின்ற ஜீப்பில் இருந்து ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். வெட்கமாக இருந்தது, ஏனென்றால் தமிழில்தான் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது எங்கள் சாரதியிடம் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று கேட்டேன். சிறுத்தை காட்டினால்தான் சந்தோசம் தருவார்கள் ஐயா, காட்டாவிட்டால் இறங்கும்போது முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்றார். சந்தோசம் என்று அவர் சொன்னது காசைத்தான். எனவே நம் ஆறு சாரதிக்கும் அந்தக் காசை நான் முதல்நாள் இரவே கொடுத்துவிடப் போகிறேன், சிறுத்தை வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை. ஏறியதும் நீங்கள் சொல்லவேண்டிய சிங்களம் இரண்டே சொல், "ஹெமின் யமு", மெதுவாகப் போவோம். ஏற்கெனவே நாலு ஜீப் நிற்கிற இடத்தில் நம் ஜீப் ஐந்தாவதாகப் போய் ஒட்டக்கூடாது, தள்ளி நின்று, பாதையில் ஒரு வாகனம் கடக்கிற அளவு வெறுமையை விட்டு வைக்கவேண்டும். பெரும்பாலும் அந்த வெறுமை வழியாகத்தான் அது வரும்.

மாலைச் சுற்று வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் வேகம்தான் காரணம். மாலை ஆறு மணிக்குள் எல்லோரும் வெளியே வரவேண்டும், ஐந்தரைக்கு ஏதாவது தென்பட்டால் பார்த்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் பறப்பார்கள். அந்த நேரத்தில்தான் முயலும் மயிலும் பாதைக்கு வரும்.

சாப்பாடு. ஜீப்புக்குள் ஒன்றும் வேண்டாம், வடை கூட வேண்டாம். கெமுனு என்று ஒரு தந்தமுள்ள யானை அங்கே பெயர் பெற்றது, ஜீப்புக்குள் தும்பிக்கையை விட்டுச் சாப்பாட்டுப் பையைத் தேடும். பிறவிக் குணம் அல்ல அது, வந்தவர்கள் கொடுத்துப் பழக்கியது. காலைச் சாப்பாட்டை மாணிக்க கங்கைக் கரையிலோ பட்டனங்கல கடற்கரையிலோ, இறங்க விடுகிற இடத்தில் மட்டும் சாப்பிடுவோம், வேறெங்கும் கால் நிலத்தில் படக்கூடாது. லஞ்ச் சீட்டில் சுற்றிய பார்சல் கொண்டுவராதீர்கள், நான் எல்லோருக்கும் டப்பாவில் கட்டுவிக்கிறேன். மலசலகூடமும் அந்த இடங்களில்தான், சர்க்கரை வியாதிக்காரர் காலை மூன்றே முக்காலுக்கு இரண்டு கோப்பை தேநீர் குடிக்கவேண்டாம். மாத்திரையோடு ஏதாவது சாப்பிட்டே ஆகவேண்டியவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், ஹோட்டலிலேயே ஏற்பாடு செய்கிறேன்.

கடைசியாக ஒன்று, தெற்கே 31 பேரும் போகத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். பொத்துவிலைத் தாண்டி உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே குமண பூங்கா வாசலுக்குள் நுழையலாம், மட்டக்களப்பில் இருந்து அதுதான் கிட்ட. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற நம் சனம் நடக்கிற காடு அது. ஜீப் குறைவு, பறவை அதிகம், சிறுத்தையும் உண்டு, ஆனால் யால அளவுக்கு முகம் காட்டாது. பத்துப் பேராவது அந்தப் பக்கம் வருவதென்றால் நானும் அவர்களோடுதான்.

வருகிற ஞாயிறுக்குள் யாலவா குமணவா, எந்தக் கடவுச்சீட்டு, அடையாள அட்டை இருக்கிறதா, மூன்றே முக்காலுக்கு எழும்ப முடியுமா என்று நாலு பதிலை அனுப்புங்கள். நாலாவதற்கு முடியாது என்பவர்கள் கோபிக்கவேண்டாம், திஸ்ஸ வாவிக்கரையில் எட்டு மணிக்கு நல்ல அப்பம் கிடைக்கும், அங்கேயே இருங்கள், நாங்கள் பத்தரைக்கு வந்துவிடுவோம்.