உன் பிறந்த நேரம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

இதைப் போனில் சொல்ல இரண்டு நாளாக முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

விருதுநகர் வரன் தட்டிப்போனதற்குக் காரணம் உன் ஜாதகம் என்று அம்மா சொல்லியிருப்பாள். எட்டுப் பொருத்தம் இருந்தது, ரஜ்ஜுவும் தட்டவில்லை. ஆனால் பையனுக்கு ஏழில் செவ்வாய். "பெண் ஜாதகம் சுத்தம், தோஷமுள்ள பையனோடு சேர்க்கக் கூடாது" என்று அவர்கள் வீட்டு ஜோசியர் சொல்லிவிட்டார். அந்தப் பையனோடு பேசிவிட்டு வந்த அன்று உன் முகத்தை நான் பார்த்தேன். அதனால்தான் இனியும் மறைக்க மனம் வரவில்லை. உன் ஜாதகத்தில் இருக்கும் நேரம் நீ பிறந்த நேரம் இல்லை, அம்மா. அதை எழுதியது நான்.

1996 தீபாவளி நவம்பர் 10ஆம் தேதி வந்தது. நீ வயிற்றில் தலை கீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த நிலையிலேயே இருந்ததால் சிசேரியன்தான் என்று முன்பே முடிவாகிவிட்டது. டாக்டர் சொன்ன நாள் 19ஆம் தேதி, அதாவது 39 வாரம். அப்பத்தா பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார். 13 கேட்டை, 14 மூலம். அதற்குள் வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அப்பத்தாவின் பயம். கேட்டையில் பிறந்த பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது, மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது என்ற பேச்சுக்காக எத்தனை பெண்களை ஒதுக்கினார்கள் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். நீ பிறப்பதற்கு முன்பே உன் கல்யாணத்துக்காகக் கவலைப்பட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, அனுஷம். ஜோசியர் தனுசு லக்னம் குறித்தார். குரு தன் சொந்த வீட்டிலேயே லக்னத்தில் இருந்தார். செவ்வாய் சிம்மத்தில், லக்னத்துக்கு ஒன்பதாம் இடம். 2, 4, 7, 8, 12 எதிலும் இல்லாததால் தோஷமில்லை. மதுரைக்கு அன்று தனுசு லக்னம் காலை 10.50 வரைதான். எமகண்டம் 10.30க்குத்தான் முடியும். ஆக மொத்தம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காக உன்னை ஒரு வாரம் முன்னதாக எடுக்கச் சொல்லி டாக்டரிடம் நானும் கெஞ்சினேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார்.

அன்று காலை ஓர் அவசரக் கேஸ் தியேட்டருக்குள் போய்விட்டது. அம்மாவுக்கு முதுகில் ஊசி போட்டபோதே மணி 10.35. மரத்துப்போனதா என்று பார்க்காமல் கத்தி வைக்க மாட்டார்கள். நான் வெளியில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கும் உங்கள் இருவரையும் நினைக்காமல் நிமிட முள்ளை நினைத்தேன். அது இன்றுவரை என்னை அறுக்கிறது. நர்ஸ் வந்து "பெண் குழந்தை, 10.57" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுதான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் தேதி மட்டும்தான் இருக்கும், நேரம் இருக்காது. அதனால் வீட்டு நோட்டில் நான் 10.45 என்று எழுதியதை யாரும் சந்தேகப்படவில்லை. ஜாதகம் அதை வைத்துத்தான் கணிக்கப்பட்டது.

அன்று இரவு உனக்கு மூச்சு வாங்கியது. நுரையீரலில் இருக்கும் நீர் முழுதாக வடிவதற்குள் எடுத்த குழந்தைகளுக்கு இப்படி வரும் என்றார் குழந்தை டாக்டர். வலி எடுக்காமல் 39 வாரத்துக்கு முன் சிசேரியன் செய்தால் இதற்கு வாய்ப்பு அதிகமாம். இரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தாய். கண்ணாடிக்கு வெளியில் நின்றபோது உன் ஜாதகத்தில் குரு எங்கே இருந்தார் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அந்தப் பன்னிரண்டு நிமிடம் எதை மாற்றியது என்று தெரிந்துகொள்ள போன வாரம் வேறொரு ஜோசியரிடம் இரண்டு நேரத்தையும் கொடுத்தேன். பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட மாறவில்லை. அவையெல்லாம் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் பார்ப்பவை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பதால் 10.45 ஆனாலும் 10.57 ஆனாலும் நீ அனுஷம்தான், விருச்சிகம்தான். சனி தசை இருப்பு இரண்டு மாதம் போலக் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் லக்னம் தனுசு இல்லை, மகரம். மகரத்திலிருந்து எண்ணினால் சிம்மம் எட்டாம் இடம். அதாவது உனக்கும் செவ்வாய் தோஷம். தோஷத்துக்குத் தோஷம் சேர்க்கலாம் என்ற அவர்கள் கணக்குப்படியே பார்த்தால் அந்தப் பையனை மறுக்கக் காரணமே இல்லை.

உனக்கு நல்லது செய்வதாக நினைத்து அப்படிப்பட்ட பையன்கள் அத்தனை பேருக்கும் உன் வாசலை அடைத்துவிட்டேன். சுத்த ஜாதகம் என்றால் எல்லோருக்கும் பொருந்தும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது சுத்த ஜாதகத்தோடு மட்டும்தான் சேரும் என்பது நாலு வரன் தட்டிப்போன பிறகுதான் புரிந்தது. நேரத்தை மாற்றி எழுதாமல், குறித்தபடி நீ 10.45க்கே பிறந்திருந்தாலும் இதே கதைதான்.

இன்னொன்றும் அந்த ஜோசியர் சொன்னார். சுக்கிரனிலிருந்தும் எண்ணுகிறவர்களுக்கு நான் எழுதிய நேரத்திலேயே உனக்கு 12ல் செவ்வாய். சிம்மத்தில் இருக்கும் செவ்வாய்க்குத் தோஷமே கிடையாது என்பவர்களும் இருக்கிறார்கள். சிசேரியனில் குறித்து எடுத்த ஜாதகத்தையே ஏற்காதவர்களும் உண்டாம். நாங்கள் ஒருவர் கணக்கை வைத்து நேரம் குறித்தோம். பொருத்தம் பார்க்கிறவர் வேறொருவர், அவர் கணக்கு வேறு. இருபத்தைந்து வருடம் கழித்து யார் எந்த விதியைக் கையில் எடுப்பார் என்று தியேட்டர் வாசலில் யாருக்குத் தெரியும்?

நேற்று உன் அத்தை மகளுக்கும் சொன்னேன். அவளுக்கும் சிசேரியன்தான். டாக்டர் நாளைச் சொல்லட்டும், அந்த நாளுக்குள் காலையா மாலையா என்று வேண்டுமானால் கேள், வாரத்தை மட்டும் முன்னால் இழுக்காதே என்றேன். தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வது இது. இதில் எத்தனை வீட்டு நோட்டில் என்னைப் போல எழுதியிருப்பார்களோ.

டிஸ்சார்ஜ் சம்மரியை பீரோவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீ சரி என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு விருதுநகர் போய், பொய் சொன்னது நான்தான், பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்று அவர்கள் முன்னால் சொல்கிறேன். அவர்கள் கோபப்பட்டால் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் போகமாட்டேன். ஆனால் இனி யார் கேட்டாலும் 10.57 என்றுதான் கொடுப்பேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நீ அழுத சத்தம் கேட்டபோது மணி என்ன என்று தனக்கும் தெரியாது என்றாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா