ஜட்டியில் படும் கறை: முதல் வகுப்பு ஆசிரியைகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆசிரியைகளுக்கு,

வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது. சென்ற பருவத்தில் அவன் டைரியில் மூன்று முறை ‘லூஸ் மோஷன், வீட்டில் வைத்துக்கொள்ளவும்’ என்று எழுதி அனுப்பினீர்கள். நானும் அப்படித்தான் நம்பி, கஞ்சி வைத்துக் கொடுத்தேன். குழந்தை மருத்துவர் அவன் அடிவயிற்றின் இடப்பக்கம் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். கல் கல்லாகத் தட்டுப்பட்டது. வயிற்றுப்போக்கு இல்லையாம், நாள்பட்ட மலச்சிக்கலாம்.

ஒருநாள் இறுகிப் போய், ஆசனவாய் கிழிந்து வலித்திருக்கிறது. அந்தப் பயத்தில் அடக்கத் தொடங்கிவிட்டான். பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் விழாததும் அவனுக்குக் காரணமாயிற்று. கால்களைப் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, கட்டில் விளிம்பைப் பிடித்து நிற்பான். முக்குகிறான் என்றே நினைத்திருந்தேன். அடக்க அடக்க, குடல் நீரை உறிஞ்சி மலம் இன்னும் கெட்டியாகும். மலக்குடல் விரிந்து, வருகிற உணர்வே மங்கிவிடும். மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசியும். ஜட்டியில் பட்டது அதுதான். கசிவது அவனுக்கே தெரியாது. “பெரிய பையன், வெட்கமா இல்லையா?” என்று வகுப்பில் கேட்டபோது அவனிடம் பதில் இல்லாமல் போனது அதனால்தான்.

அவன் எடை 18 கிலோ. தேங்கியதை வெளியேற்ற, பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை தினம் 20 கிராம் தண்ணீரில் கலந்து ஐந்து நாள் கொடுக்கச் சொன்னார். அதன்பின் தினம் 7 கிராம். இது அவன் எடைக்கு மருத்துவர் போட்ட கணக்கு. வேறு பிள்ளைக்கு அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பழகிவிடுமோ என்று என் மாமியார் பயந்தார். இந்தப் பொடி உடம்பில் அநேகமாகச் சேர்வதில்லை, மலத்தில் நீரைப் பிடித்துவைத்து இளக்குகிறது, அவ்வளவுதான். நன்றாகப் போகிறதே என்று மூன்றாம் வாரம் நானே நிறுத்தினேன். பத்தே நாளில் மறுபடி குதிகாலைத் தூக்கி நின்றான். விரிந்த குடல் சுருங்கி உணர்வு திரும்ப மாதக்கணக்காகும். குறைந்தது இரண்டு மாதம் கொடுத்து, பிறகு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் காலை, இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் உட்கார வைக்கிறேன். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கக் கூடாதென்று, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். சுவரில் ஒரு அட்டை. உட்கார்ந்தால் ஒரு ஸ்டார், வந்தாலும் வராவிட்டாலும். முதலில் வந்தால் மட்டும் ஒட்டினேன். வராத நாளில் அழுதான், மறுநாள் உட்காரவே மறுத்தான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் அவனைக் கழிவறைக்கு அனுப்புங்கள். வகுப்பு நடுவில் கேட்டாலும் “பெல் அடிக்கட்டும்” என்று நிறுத்தாதீர்கள். தாழ்ப்பாளைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கறை பட்டால் ஆயாம்மா தனியே கூட்டிப்போய் மாற்றிவிடட்டும், மாற்றுடை பையில் இருக்கிறது. டைரியில் எழுதாமல் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
முதல் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா